மூன்றாவது வாரத்தில் புகையிலைக்கு என்ன ஆகிறது?

வயலில் நிற்கும் புகையிலைச் செடியிலிருந்து ஒரு பச்சை இலையைப் பறித்து அன்றே ஆய்வகத்தில் சோதித்தால் நிகோடின் நிறையவே இருக்கும். ஆனால் மெல்லும் புகையிலையால் வரும் வாய்ப்புற்றுக்கு முதல் குற்றவாளி என்று ஆய்வாளர்கள் காட்டும் பொருள் அதில் அநேகமாக இருக்காது. இருந்தாலும் கருவிக்கு எட்டியும் எட்டாத அளவில்தான் இருக்கும். அதே செடியை வெட்டிக் கொட்டகையில் தொங்கவிட்டு, இரண்டு மாதம் கழித்து இலையை எடுத்துச் சோதித்தால் அந்தப் பொருள் வந்து உட்கார்ந்திருக்கும். யாரும் அதைச் சேர்க்கவில்லை. இலை பாடமாகும்போது தானாக உண்டானது அது.

அதன் பெயர் நைட்ரோசமைன். இலையில் இயற்கையாக இருக்கும் அமீன் வகைப் பொருள் ஒன்றும் நைட்ரைட்டும் சந்தித்தால் இது பிறக்கும். உணவிலும் சில வகை நைட்ரோசமைன்கள் உண்டு. உப்பிட்டுப் பதப்படுத்திய இறைச்சியில் மிகச் சிறிய அளவில் காணலாம். புகையிலையில் உண்டாகிறவை தனி ரகம். நிகோடினும் அதன் உறவுப் பொருள்களும்தான் அவற்றின் மூலப்பொருள் என்பதால் புகையிலையைத் தவிர வேறெங்கும் அவை கிடைப்பதில்லை. இவற்றில் இரண்டுதான் கொடியவை. ஒன்று என்என்என், மற்றது என்என்கே. முழுப்பெயர்கள் வேதியியல் மாணவர்களுக்கே நாக்குச் சுளுக்கும் என்பதால் உலகம் முழுக்க இந்தச் சுருக்கப் பெயர்களே வழக்கம்.

1974இல் நியூயார்க்கைச் சேர்ந்த டீட்ரிக் ஹாஃப்மன், ஸ்டீபன் ஹெக்ட் குழுவினர் எரிக்காத புகையிலையில் என்என்என் இருப்பதைக் கண்டு ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்டார்கள். அவர்கள் பார்த்த அளவு கிராமுக்கு 1.9 முதல் 88.6 மைக்ரோகிராம் வரை. மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கேட்பதற்குச் சிறிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அதுவரை உணவிலோ பானத்திலோ பார்த்த நைட்ரோசமைன் அளவுகளைவிட இது பல நூறு மடங்கு அதிகம். புற்றுநோய்க்குப் புகைதான் காரணம், நெருப்பு வைக்காவிட்டால் ஆபத்தில்லை என்ற நம்பிக்கையில் விழுந்த முதல் விரிசல் அதுதான்.

இனி கொட்டகைக்குப் போவோம். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பர்லி என்னும் புகையிலை வகை விளைகிறது. இந்த விஷயத்தை உலகிலேயே மிக நுணுக்கமாக ஆராய்ந்திருப்பது இந்த வகையில்தான். செடியை அடியோடு வெட்டி, குச்சிகளில் கோத்து, காற்றோட்டமான பெரிய மரக் கொட்டகைகளில் அடுக்கடுக்காகத் தொங்கவிடுவார்கள். நெருப்பு கிடையாது, காற்றுதான் எல்லாம் செய்ய வேண்டும். இலை முழுதாகப் பாடமாக நான்கு முதல் எட்டு வாரம் பிடிக்கும்.

வெட்டியவுடன் இலை செத்துவிடுவதில்லை. வேர் போனபின்பும் சில நாள் உயிரோடிருந்து, தன்னுள் சேர்த்து வைத்த மாவுச்சத்தைத் தின்று தீர்க்கிறது. பச்சையம் சிதைந்து இலை மஞ்சளாகிறது. இந்தக் கட்டத்தில் அபாயம் ஏதுமில்லை. நிகோடின் ஒரு பக்கம் இருக்கிறது, மண்ணிலிருந்து உரத்தோடு ஏறிவந்த நைட்ரேட் இன்னொரு பக்கம் இருக்கிறது; இரண்டும் நேரடியாக வினைபுரிவதில்லை. நைட்ரேட்டிலிருந்து ஓர் ஆக்சிஜன் அணு கழன்று அது நைட்ரைட் ஆனால்தான் கதை தொடங்கும்.

அந்த வேலையைச் செய்கிறவை இலையின் மேல் எப்போதும் இருக்கும் பாக்டீரியாக்கள். மஞ்சள் நிறம் பழுப்பாக மாறத் தொடங்கும்போது, ஏறத்தாழ மூன்றாவது வாரத்தில், இலையின் உயிரணுச் சுவர்கள் உடைகின்றன. உள்ளே இருந்த சாறு வெளியே கசிகிறது. சர்க்கரை, அமினோ அமிலம், நைட்ரேட் எல்லாம் கலந்த அந்தச் சாறு பாக்டீரியாக்களுக்கு விருந்து. அவை பெருகுகின்றன. ஈரமான, காற்று சரியாகப் புகாத இடத்தில் மூச்சுக்கு ஆக்சிஜன் போதாதபோது அவற்றில் பல நைட்ரேட்டையே ஆக்சிஜனுக்குப் பதிலாகப் பயன்படுத்திக்கொள்கின்றன. நைட்ரேட்டை எடுத்து, நைட்ரைட்டை விட்டுவிடுகின்றன. பச்சை இலையில் இல்லை என்றே சொல்லத்தக்க அளவில் இருந்த நைட்ரைட் சில நாள்களில் ஏறிவிடுகிறது. ஏறியதும் பக்கத்திலேயே இருக்கும் நிகோடின் வகைப் பொருள்களோடு சேர்கிறது. மூன்றாவது வாரம் முதல் ஐந்தாவது வாரம் வரைதான் நைட்ரோசமைன்களில் பெரும்பங்கு உண்டாகிறது.

ஆகவே ஒரு விவசாயியின் கொட்டகையில் அந்த இரண்டு மூன்று வாரம் வானிலை எப்படி இருந்தது என்பது பெரிய விஷயம். மழை பிடித்துக்கொண்டு, புழுக்கமாக, காற்றசைவில்லாமல் இருந்தால் அளவு கூடும். வறண்ட காற்று வீசினால் குறையும். செடிகளை நெருக்கியடித்துத் தொங்கவிட்டவர் அதிகம் பெறுவார். இடைவெளி விட்டவர் குறைவாகப் பெறுவார். தழைச்சத்து உரத்தை அள்ளிப் போட்டிருந்தால் இலையில் நைட்ரேட் மிகுந்திருக்கும், அதுவும் சேர்ந்துகொள்ளும். இலையின் நடு நரம்பில்தான் நைட்ரேட் அதிகம், அது காய்வதும் தாமதம். ஒரே ஊரில், ஒரே விதையில், ஒரே ஆண்டில் விளைந்த இரண்டு கொட்டகைப் புகையிலைகள் பலமடங்கு வேறுபடுவது இதனால்தான். கண்ணால் பார்த்தோ முகர்ந்தோ எது எது என்று சொல்லவும் முடியாது. நல்ல நிறமும் நல்ல மணமும் உள்ள இலையிலும் அளவு உச்சத்தில் இருக்கலாம்.

விதைக்கும் இதில் பங்குண்டு. நிகோடின் நைட்ரைட்டோடு மெதுவாகத்தான் வினைபுரியும். ஆனால் நிகோடினிலிருந்து ஒரு மெத்தில் குழு கழன்றால் வரும் நார்நிகோடின் என்ற பொருள் சட்டென்று வினைபுரிந்து என்என்என் ஆகிவிடும். சாதாரணச் செடியில் நார்நிகோடின் மொத்தத்தில் சில விழுக்காடுதான். சில செடிகளில் மட்டும் ஒரு மரபணு விழித்துக்கொண்டு, இலை மஞ்சளாகும் காலத்தில் நிகோடினின் பெரும்பகுதியை நார்நிகோடினாக மாற்றிவிடுகிறது. வயலில் நூறு செடியில் இப்படிச் சில செடிகள் இருந்தாலே முழுக் கொட்டகையின் சராசரியும் ஏறும். 2005 வாக்கில் அந்த மரபணு அடையாளம் காணப்பட்டது. அப்படிப்பட்ட செடிகளை விதை நிலையிலேயே கழித்த பர்லி விதைகள் அமெரிக்காவில் இன்று வழக்கத்துக்கு வந்துவிட்டன.

பாக்டீரியா இல்லாமலும் இந்த நஞ்சு உண்டாகும் என்பதற்கு இன்னொரு வகைப் புகையிலை சாட்சி. சிகரெட்டுக்கான வர்ஜீனியா இலையை அறைக்குள் வெப்பம் ஏற்றி ஐந்தாறு நாளில் உலர்த்திவிடுவார்கள். இவ்வளவு விரைவாக ஈரம் போனால் பாக்டீரியாவுக்கு வாய்ப்பே இல்லை. ஆந்திரத்தில் விறகடுப்பின் வெப்பத்தை இரும்புக் குழாய்கள் வழியே அறைக்குள் கொண்டுபோவார்கள். புகை வெளியே போய்விடும், சூடு மட்டும் இலைக்குக் கிடைக்கும். அமெரிக்காவிலும் ஆரம்பத்தில் அப்படித்தான். எழுபதுகளில் அங்கே எரிவாயு அடுப்புகள் வந்தன. அவை எரியும் வாயுவையே நேராக அறைக்குள் ஊதின. சிக்கனமாக இருந்தது, சுத்தமாகவும் தெரிந்தது. ஆனால் எந்த நெருப்பிலும் காற்றின் நைட்ரஜன் கொஞ்சம் எரிந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் உண்டாகும். அவை இலையின் நிகோடினோடு நேரடியாகவே சேர்ந்துவிட்டன. ஏறத்தாழ 2000ஆம் ஆண்டில் காரணம் புரிந்ததும், வெப்பமாற்றிகள் பொருத்தி எரிவாயுவை இலையிலிருந்து பிரித்தார்கள். நைட்ரோசமைன் அளவு சட்டென்று சரிந்தது.

இதில் எனக்கு வியப்பான ஒன்று உண்டு. பீர் தயாரிப்பவர்களுக்கு இதே சிக்கல் இருபது ஆண்டு முன்பே வந்தது. முளைகட்டிய பார்லியை எரிவாயுப் புகையில் நேராகக் காயவைத்ததால் பீரில் நைட்ரோசமைன் இருப்பது எழுபதுகளின் கடைசியில் தெரிந்தது. மறைமுக வெப்பத்துக்கு மாறி அதைச் சில ஆண்டுகளிலேயே பெருமளவு தீர்த்துவிட்டார்கள். அமெரிக்கா பீருக்கு வைத்த வரம்பு கிலோவுக்கு வெறும் 5 மைக்ரோகிராம். அதே வேதியியல், அதே தீர்வு. ஆனால் புகையிலைக் கொட்டகைக்கு அது வந்து சேர இருபது ஆண்டு ஆனது. வரம்பு என்று ஒன்று பீருக்கு இருந்தது, புகையிலைக்கு இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

மெல்லவும் உறிஞ்சவும் பயன்படும் புகையிலை பெரும்பாலும் வர்ஜீனியா இலையல்ல. காற்றில் உலர்த்தியது, வெயிலில் உலர்த்தியது, புகைபோட்டது ஆகியவைதான். புகைபோடும் முறையில் இரண்டு வழியும் சேர்ந்துகொள்கின்றன: மெதுவாக உலர்வதால் பாக்டீரியா, நேரடிப் புகையால் நைட்ரஜன் ஆக்சைடு. தேங்காய்ப் பொச்சுப் புகையில் பதமாகும் யாழ்ப்பாணப் புகையிலையும் இந்த முறையைச் சேர்ந்ததே.

பாடமான பிறகும் வேலை முடிவதில்லை. மெல்லும் புகையிலைக்குக் காரமும் மணமும் வர வேண்டுமென்று இலைகளை அம்பாரமாக அடுக்கி, ஈரம் தெளித்து, உள்ளே சூடேறிப் புளிக்க விடுவார்கள். இடையிடையே புரட்டிப் போடுவார்கள். அந்தக் குவியலின் உள்ளே ஈரம், சூடு, காற்றின்மை மூன்றும் ஒன்றாகக் கூடுகின்றன. நைட்ரேட் மிச்சமிருந்தால் பாக்டீரியா இங்கே மீண்டும் வேலையைத் தொடங்கும். அது தூளாகி, டப்பாவில் அடைபட்டுக் கடையில் இருக்கும்போதும் தொடரலாம். அமெரிக்க ஈர மூக்குப்பொடியை ஆறு மாதம் அறை வெப்பத்தில் வைத்துப் பார்த்த ஒரு சோதனையில் நைட்ரோசமைன் ஏறிக்கொண்டே போனது. பக்கத்தில் வைத்த சுவீடனின் ஸ்னூஸ் மாறவே இல்லை. காரணம் எளிது: ஸ்னூஸைப் புளிக்க வைப்பதில்லை. அரைத்த புகையிலையை நீராவி வெப்பத்தில் வைத்துப் பாக்டீரியாக்களைக் கொன்றுவிடுகிறார்கள், பிறகு குளிர்பெட்டியில் வைத்து விற்கிறார்கள்.

இதற்கு நேரெதிர் முனை சூடானில் இருக்கிறது. அங்கே தூம்பாக் என்ற பண்டத்தை உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே வைத்துக்கொள்கிறார்கள். நிகோடின் மிகுந்த ரஸ்டிகா என்னும் புகையிலை இனத்தின் இலையை வயலிலேயே காயவைத்து, பொடித்து, ஈரமாக்கி, வாரக்கணக்கில் புளிக்க விட்டு, சமையல் சோடா கலந்து உருட்டுவது அது. அதில் அளந்த என்என்என் கிராமுக்கு 3,000 மைக்ரோகிராமைத் தாண்டியது. என்என்கே 7,870 மைக்ரோகிராம் வரை போனது. மனிதர் வாயில் வைக்கும் எந்தப் பொருளிலும் இதற்கு நிகரான நைட்ரோசமைன் அளவு பதிவாகவில்லை. ஒரே செடிக் குடும்பம். ஸ்னூஸுக்கும் தூம்பாக்குக்கும் இடையே ஆயிரக்கணக்கான மடங்கு வேறுபாடு. அதில் பெரும்பகுதி செய்முறையில் வருவது.

சரி, இத்தனை பொருள்கள் இருக்கும் புகையிலையில் இவற்றின் மேல் மட்டும் ஏன் பழி? எரிக்காத புகையிலையிலும் காட்மியம் உண்டு, ஃபார்மால்டிஹைடு உண்டு, கதிரியக்கப் பொலோனியமும் மிகச் சிறு அளவில் உண்டு. சிகரெட் புகையின் பேர்போன நஞ்சான பென்சோபைரீன்கூடப் புகைபோட்ட இலையில் இருக்கிறது. ஆனால் எரியாத இலையில் அதன் அளவைக் கிராமுக்கு நானோகிராமில் சொல்கிறார்கள். நைட்ரோசமைன்களை மைக்ரோகிராமில் சொல்கிறார்கள். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் ஆயிரம் மடங்கு. உறுதியான புற்றுக்காரணி ஒன்று இவ்வளவு பெரிய அளவில் இருக்கும்போது மற்றவை தாமாகப் பின்னால் போய்விடுகின்றன.

அளவு மட்டும் காரணமல்ல. வாய்க்குள் போகும்போது என்என்என் சும்மா கிடக்கும் பொருள்தான். நம் உடல் அதை நீரில் கரைத்து வெளியேற்றப் பார்க்கிறது. அதற்கான நொதிகள் கல்லீரலில் மட்டுமல்லாமல் வாய், உணவுக்குழாய், நுரையீரல் திசுக்களிலும் இருக்கின்றன. அந்த நொதி ஓர் ஆக்சிஜனை அதில் சேர்த்ததும் மூலக்கூறு நிலைகுலைந்து உடைகிறது. உடைந்த துண்டு கணநேரம்தான் தாக்குப்பிடிக்கும். அந்தக் கணத்தில் பக்கத்தில் டிஎன்ஏ இருந்தால் அதில் ஒட்டிக்கொள்கிறது. உயிரணு பிரியும்போது ஒட்டிய இடத்தில் எழுத்து தவறிப்போகிறது. பெரும்பாலான தவறுகளை உடல் திருத்திவிடும். ஆனால் ஒருவர் புகையிலையை ஒரே கன்னத்தில், ஒரே இடத்தில், தினம் பல முறை, இருபது முப்பது ஆண்டு வைத்திருக்கிறார். உயிரணுவின் பெருக்கத்தை அடக்கும் மரபணு ஒன்றில் திருத்தப்படாத தவறு ஒருநாள் நிலைத்துவிடுகிறது. புகையிலை வைக்கும் இடத்திலேயே வெள்ளைப் படலமும் பின்னர் புண்ணும் வருவது இதனால்தான்.

சான்றுகளும் ஒன்றையொன்று தாங்குகின்றன. 2013இல் ஹெக்ட் குழு எலிகளுக்குக் குடிநீரில் மிகச் சிறு அளவு என்என்என் கலந்து நீண்ட நாள் கொடுத்தது. அந்த மூலக்கூறுக்கு வலது, இடது என்று இரண்டு வடிவம் உண்டு. புகையிலையில் மிகுந்திருப்பது இடது வடிவம். அதைக் குடித்த எலிகள் அத்தனைக்கும் வாயில் கட்டி வந்தது. வேறு எதுவும் கலக்காமல், இந்த ஒரு பொருள் தனியாகவே வாய்ப்புற்றைத் தந்தது என்பது முக்கியம். என்என்கே எந்த வழியில் கொடுத்தாலும், ஊசியானாலும் தண்ணீரானாலும், எலியின் நுரையீரலைத் தேடிப் போகிறது. மனிதரில் ஷாங்காய் நகர ஆண்களிடம் எண்பதுகளில் சேகரித்துப் பாதுகாத்த சிறுநீரைப் பின்னாளில் சோதித்தார்கள். புகைப்பவர்களில் என்என்என் அதிகம் இருந்தவர்களுக்கு உணவுக்குழாய்ப் புற்று வந்த வாய்ப்பு, குறைவாக இருந்தவர்களைவிடப் பல மடங்கு கூடுதல். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த இரண்டு பொருள்களையும், புகையற்ற புகையிலையையும் மனிதரில் உறுதியாகப் புற்றுண்டாக்குபவை என்ற முதல் வகுப்பில் வைத்திருக்கிறது.

நம் நாட்டுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. இங்கே புகையிலை பெரும்பாலும் பாக்கோடும் சுண்ணாம்போடும் சேர்ந்தே வாய்க்குப் போகிறது. பாக்கு தனியாகவே புற்றுக்காரணி, அதில் புகையிலையின் நைட்ரோசமைன்களுக்கு வேலையில்லை. ஆகவே குட்காவால் வந்த ஒவ்வொரு புற்றையும் என்என்என் கணக்கில் எழுதுவது சரியாகாது. ஆனால் பாக்கே இல்லாத காய்னி இருக்கிறது, புகையிலையும் சுண்ணாம்பும் மட்டும் சேர்ந்தது. 2005இல் வெளியான ஓர் ஆய்வு இந்தியச் சந்தையில் வாங்கிய பொருள்களை அளந்தது. அதிகபட்சமாகக் கிராமுக்கு என்என்என் 76.9, என்என்கே 28.4 மைக்ரோகிராம் இருந்தன.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். இரண்டும் சேர்ந்து கிராமுக்கு 105 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2009இல் பரிந்துரைத்த மேல் வரம்பு உலர் எடையில் கிராமுக்கு 2 மைக்ரோகிராம். ஏறத்தாழ 50 மடங்கு. ஒரு நாளைக்கு 5 கிராம் வைத்துக்கொள்பவர் வாய்க்குள் 500 மைக்ரோகிராமுக்கு மேல் வைக்கிறார். எல்லாமே உடலில் சேராது. ஒரு பகுதி சக்கையோடும் எச்சிலோடும் வெளியே போய்விடும். பாதி போனாலும் மிச்சம் 250. பீருக்கு விதித்த வரம்பின்படி இவ்வளவு நைட்ரோசமைன் சேர ஒரு நாளில் 50 லிட்டர் குடிக்க வேண்டும். அந்த நைட்ரோசமைன் வேறு, இது வேறு என்பதால் ஆபத்தை இப்படி ஒப்பிட முடியாது. இரண்டுக்கும் அரசுகள் காட்டும் கண்டிப்பை ஒப்பிடலாம்.

அளவைக் குறைத்தால் புகையிலை நல்லதாகிவிடுமா என்றால், ஆகாது. நிகோடின் அப்படியே இருக்கும், பழக்கம் அப்படியே இருக்கும், மற்ற நஞ்சுகளும் இருக்கும். நார்நிகோடினும் எச்சிலில் உள்ள நைட்ரைட்டும் சேர்ந்து வாய்க்குள்ளேயே கொஞ்சம் என்என்என் உண்டாவதும் தெரியவந்திருக்கிறது. ‘குறைந்த நைட்ரோசமைன்’ என்று யாராவது டப்பாவில் எழுதி விற்றால் அதை நம்பித் தொடங்குவது முட்டாள்தனம். ஆனால் ஏற்கெனவே கோடிக்கணக்கானோர் மென்றுகொண்டிருக்கும் பொருளில், நீராவியாலும் விதைத் தேர்வாலும் காற்றோட்டத்தாலும் குறைக்க முடிகிற ஒரு நஞ்சைக் குறைக்காமல் விடுவது வேறு விஷயம், அது அலட்சியம்.

அமெரிக்காவில் 2017 ஜனவரியில் உணவு, மருந்து நிர்வாகம் என்என்என்னுக்குக் கிராமுக்கு 1 மைக்ரோகிராம் என்ற வரம்பை முன்மொழிந்தது. பல ஆண்டு கடந்தும் அது இறுதி விதியாகவில்லை. இந்தியாவில் அந்த முன்மொழிவுகூட இல்லை. நம் 2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டம் பொட்டலத்தில் நிகோடினையும் தாரையும் குறிப்பிட வேண்டும் என்கிறது. தார் எரித்தால்தான் வரும். எரிக்காமல் மெல்லும் புகையிலையில் ஆளைக் கொல்லும் பொருளின் பெயர் அந்தச் சட்டத்தில் எங்குமே இல்லை.